அலிபிரிக்கு மேலே கல் மாறுகிறது

திருப்பதி ஊருக்குள் நின்று திருமலையை நிமிர்ந்து பாருங்கள். மலையின் கீழ்ப்பகுதி சரிவாக இருக்கும்; அங்கே உருண்ட பாறைகளும் புதர்களும் கலந்து கிடக்கும். மேல்பகுதி செங்குத்தாக எழும். அதன் நிறம் சிவப்பு கலந்த பழுப்பு. அதன் முகத்தில் கிடையாகக் கோடுகள் ஓடும். அலிபிரியில் ஏறத் தொடங்கும் பக்தர்கள் கால் பதிப்பது ஒரு வகைப் பாறையில். மேலே போய்ச் சேர்வது வேறொரு வகைப் பாறையில். இரண்டும் சந்திக்கும் இடம் மலைப்பாதையை ஒட்டிய வெட்டுமுகங்களிலும் ஓடைகளிலும் தெரிகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் வளைவுகளை எண்ணிக்கொண்டிருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை.

பள்ளிப் புத்தகம் பாறைகளை மூன்றாகப் பிரிக்கிறது: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. பிள்ளைகள் இதை மூன்று பெட்டிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். கிரானைட் ஒரு பெட்டி, மணற்கல் ஒரு பெட்டி, பளிங்கு ஒரு பெட்டி. தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்தப் பிரிவு கல்லின் நிறத்தையோ கடினத்தையோ வைத்துச் செய்தது அல்ல. அந்தக் கல்லுக்குக் கடைசியாக என்ன நேர்ந்தது என்பதை வைத்துச் செய்தது. உருகி உறைந்ததா, நொறுங்கிப் படிந்ததா, உருகாமலே வெந்து அழுந்தி மாறியதா என்பதுதான் கேள்வி. அதனால்தான் ஒரே துகள் மூன்று பெட்டிகளிலும் இருந்துவிட்டு வர முடிகிறது. திருமலையிலிருந்து சென்னை வரையுள்ள நிலத்தில் அப்படி ஒரு பயணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடரலாம். அந்தத் துகள் குவார்ட்ஸ். ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்வோமே, அதே பொருள்.

கீழிருந்து தொடங்குவோம். மலையடிவாரத்தில் இருப்பது கிரானைட். புதிதாக உடைந்த ஒரு முகத்தைப் பார்த்தால் மூன்று வகைத் துகள்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடிச் சில்லாகச் சாம்பல் நிறத்தில் இடைவெளிகளை நிரப்பியிருப்பது குவார்ட்ஸ். கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருப்பது பெரும்பாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா. மூன்றும் ஒன்றையொன்று பின்னிப் பிடித்திருக்கும். இடையில் பசை எதுவும் இருக்காது. இந்தப் பின்னல்தான் தீப்பாறையின் அடையாளம். குழம்பாக இருந்த ஒன்று குளிரும்போது பல படிகங்கள் ஒரே சமயத்தில் வளர்ந்து, இடத்துக்கு முண்டி, ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று வந்து நின்றால் மட்டுமே இப்படி ஆகும்.

படிகங்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன? சர்க்கரைப் பாகை ஆடாமல் அசையாமல் பல நாள் ஆறவிட்டால் கற்கண்டு விளைகிறது. அதே பாகைக் கிளறிக்கொண்டே சட்டென்று ஆற்றினால் பொடிச் சர்க்கரைதான் கிடைக்கும். பாறைக்குழம்பும் அப்படித்தான். கிரானைட்டாகப் போகும் குழம்பு சுமார் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தரைக்குப் பல கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி நிற்கிறது. மேலே இருக்கும் பாறையெல்லாம் அதற்குப் போர்வை. வெப்பம் வெளியேற வழியில்லாமல் அது உறைந்து முடிக்கப் பல லட்சம் ஆண்டுகள் ஆகலாம். அந்த அவகாசத்தில் படிகங்கள் நன்றாக வளர்ந்துவிடுகின்றன.

இதற்கு நேர்மாறு எரிமலைக் குழம்பு. சுமார் 1,100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தோடு தரைக்கு மேல் வழிந்து, காற்றிலும் நீரிலும் பட்டு, சில நாட்களிலோ வாரங்களிலோ உறைந்துவிடும். படிகங்களுக்கு வளர நேரமில்லை. அதனால் பசால்ட் பாறையை லென்ஸ் இல்லாமல் பார்த்தால் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகள் இப்படிப் பிறந்தவை. இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. கிரானைட்டில் விரிசல் விட்ட இடத்தில் கருங்குழம்பு ஏறி, தரையை எட்டாமல் நடுவழியிலேயே உறைந்துவிடும். அது டோலரைட். சித்தூர் மாவட்டத்தில் குப்பம் பக்கம் இதை வெட்டி எடுத்து, மெருகேற்றி, கறுப்பு கிரானைட் என்று விற்கிறார்கள். சமையலறை மேடைக்குக் கல் வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளலாம்: கடையில் கிரானைட் என்று நிற்கும் பலகைகளில் பல கிரானைட்டே அல்ல. முழுக்கக் கறுப்பாக, பொடி மணியாக இருந்தால் அது அநேகமாக டோலரைட். அலை அலையாகக் கோடு ஓடினால் அது உருமாறிய பாறை, நைஸ் என்பார்கள். மேடைக்கு மூன்றும் நன்றாகவே உழைக்கும், அதனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பல கிலோமீட்டர் ஆழத்தில் உறைந்த கல் இன்று அலிபிரியில் நம் காலடியில் எப்படி வந்தது? அது மேலே ஏறி வந்தது என்பதைவிட, அதன்மேல் இருந்ததெல்லாம் கரைந்து போனது என்று சொல்வதே பொருத்தம். திருப்பதி கிரானைட்டின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அதன்மேல் நிற்கும் அடுக்குப் பாறைகளின் வயது சுமார் 160 கோடி ஆண்டுகள். நடுவில் குறைந்தது 50 கோடி ஆண்டு இடைவெளி. இந்த இடைவெளிக்கு அங்கே பாறைச் சான்று எதுவும் இல்லை, ஒரு கோட்டைத் தவிர. அந்தக் காலம் முழுவதும் இங்கே நடந்தது அரிப்பு. மழை, வெயில், காற்று எல்லாம் சேர்ந்து மேலிருந்த மலையைச் சுரண்டி எடுத்தன. கடைசியில் கிரானைட் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் தேயத் தொடங்கியது.

கிரானைட் தேயும் விதம் கவனிக்க வேண்டியது. அதன் துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் அழிவதில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. அந்த நீர் ஃபெல்ட்ஸ்பாரின் பொட்டாசியம், சோடியம் போன்றவற்றை மெல்லக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது களிமண். கறுப்பு மைக்காவும் சிதைந்து துருநிறமாகிறது. குவார்ட்ஸ் மட்டும் அசைந்து கொடுப்பதில்லை. அது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த, அந்த அமிலத்துக்கு மசியாத பொருள். ஆகவே சுற்றியிருந்தவை களிமண்ணாகப் போனதும் குவார்ட்ஸ் துகள்கள் பிடிமானம் இழந்து உதிர்கின்றன. அதைத்தான் மணல் என்கிறோம். பழைய கிரானைட் பாறையின் அடியில் கையால் தடவினாலே உதிரும் கரடுமுரடான பருமணலைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வேலையின் பாதிக் கட்டம்.

உதிர்ந்ததை ஆறு தூக்கிக்கொண்டு போகிறது. வேகம் குறையும் இடத்தில் முதலில் கனமானதை இறக்கும், பிறகு லேசானதை. கரையோரத்தில் மணல் தங்கும். களிமண் தண்ணீரோடு கலங்கலாகவே மிதந்து, அலை அடங்கிய ஆழமான இடத்துக்குப் போய் மெதுவாக அமரும். நீரில் முழுக்கக் கரைந்துபோன சுண்ணாம்புச் சத்து இன்னும் தள்ளிப் போய் வேறு விதத்தில் படியும். கடப்பாவை மையமாகக் கொண்டு அன்று ஒரு பெரிய தாழ்நிலம் இருந்தது. கடல் நீர் அதனுள் புகுந்திருந்தது. புவியியலாளர்கள் அதைக் கடப்பா படுகை என்கிறார்கள். தேய்ந்து சமமாகிப் போன கிரானைட் தரையின்மேல் அந்தப் படுகையின் மணல் பரவியது. அப்படிப் பரவிய மணல்தான் இன்றைய திருமலையின் செங்குத்தான மேல்பகுதி. களிமண் படிந்த இடங்கள் களிப்பாறையாயின. அவையும் கடப்பா மாவட்டத்தில் ஏராளமாகக் கிடக்கின்றன.

மணல் எப்படிக் கல்லாகிறது? அடுத்தடுத்த அடுக்குகள் மேலே ஏறி அழுத்துகின்றன. துகள்களுக்கு இடையிலிருந்த நீர் பிதுங்கி வெளியேறுகிறது. ஆனால் அழுத்தம் மட்டும் மணலைக் கல்லாக்காது. எவ்வளவு அழுத்தினாலும் உலர்ந்த மணல் மணல்தான். வேண்டியது பசை. துகள்களின் இடைவெளியில் ஊடுருவும் நிலத்தடி நீர் தன்னோடு கொண்டுவரும் சிலிக்காவையோ சுண்ணாம்பையோ இரும்புத் துருவையோ அங்கே விட்டுச் செல்கிறது. அந்தப் படிவு துகள்களை ஒட்டிப் பிடிக்கிறது. இரும்பு கலந்த பசை ஒட்டிய மணற்கல் சிவப்பாகும். சுண்ணாம்பு ஒட்டியது சீக்கிரம் கரையும். சிலிக்கா ஒட்டியதுதான் கெட்டி, ஏனென்றால் துகளும் பசையும் ஒரே பொருள்.

படிவுப்பாறையை அடையாளம் காண அடுக்கைத் தேடு என்று புத்தகம் சொல்லும். நல்ல ஆலோசனைதான், ஆனால் உருமாறிய பாறைகளிலும் கோடுகள் உண்டு என்பதால் அது மட்டும் போதாது. இன்னும் உறுதியான சாட்சி, நீர் ஓடிய தடம். கடற்கரையில் அலை வடிந்ததும் ஈர மணலில் சின்னச் சின்ன வரிகள் விழுகின்றனவே, அதே வரிகள் கடப்பா படுகையின் பாறைகளில் உறைந்து கிடக்கின்றன. அலையோ ஓடும் நீரோ இல்லாமல் அந்த வரி வர முடியாது. உருகிய குழம்பில் அது நிற்கவே நிற்காது.

கடப்பா என்றதும் பரணிலும் சமையலறை அலமாரியிலும் போடுகிற கறுப்புக் கடப்பாக் கல் நினைவுக்கு வரும். அதுவும் படிவுப்பாறைதான், ஆனால் மணற்கல் அல்ல, சுண்ணாம்புக்கல். கடலடியில் நுண்ணிய சுண்ணாம்புச் சேறாக அடுக்கடுக்காக அமர்ந்தது. அடுக்குகளின் வழியே பிளக்கிறது என்பதால்தான் அதைச் சிக்கனமாகப் பலகை பலகையாக எடுக்க முடிகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அலமாரிக் கல்லின் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடையுங்கள். மெருகு போய் அந்த இடம் மங்கியிருக்கும், ஏனென்றால் அமிலம் சுண்ணாம்பைத் தின்றுவிட்டது. கிரானைட் மேடையில் அதே சாறு மணிக்கணக்கில் கிடந்தாலும் அரிக்காது. பளிங்குத் தரையிலும் மங்கும், காரணம் பளிங்கு என்பது வெந்து மாறிய சுண்ணாம்புக்கல். கறுப்பு என்பதால் கடப்பாக் கல்லை எரிமலைப் பாறை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு எலுமிச்சம்பழத்தில் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி உருமாற்றம். திருமலையின் உச்சியில் இருப்பதை யாரும் மணற்கல் என்று சொல்வதில்லை, குவார்ட்சைட் என்கிறார்கள். இந்தக் கல்லுக்கு நகரி குவார்ட்சைட் என்று பெயர். சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் மூக்குப்போல நீட்டிக்கொண்டு தெரியும் நகரி மலையும் இதே கல்தான். திருமலைக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிலாதோரணம், சுமார் 25 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட இயற்கை வளைவு, இதே பாறையில் உருவானது. மெலிந்த அடுக்கு அரித்துப் போக, கெட்டியான அடுக்கு மேலே நின்றுவிட்டது.

பூமிக்குள் போகப் போக வெப்பம் ஏறுகிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. ஏழெட்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைந்த பாறை 200 டிகிரியைத் தொடும். ஏறக்குறைய அங்கிருந்துதான் உருமாற்றம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முக்கியமான நிபந்தனை, பாறை உருகக் கூடாது. உருகிவிட்டால் அது தீப்பாறையின் கதையாகிவிடும். திடமாக இருந்தபடியே அதன் கனிமங்கள் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. மணற்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் தொடும் இடங்களில் கொஞ்சம் கரைந்து, இடைவெளியில் மறுபடி படிந்து, ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. பசைக்கும் துகளுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. 

இதைக் கண்டுபிடிக்கச் சுத்தியல் போதும். மணற்கல்லை உடைத்தால் உடைப்பு பசையின் வழியே போகும். துகள்களைச் சுற்றிக்கொண்டு ஓடும். உடைந்த முகம் சொரசொரப்பாக, விரலில் மணல் ஒட்டும்படி இருக்கும். குவார்ட்சைட்டை உடைத்தால் உடைப்பு துகள்களைத் துண்டாக்கிக்கொண்டு நேராகப் போகும். முகம் வழவழப்பாக, விளிம்பு கத்தியாக இருக்கும். உடைக்கும்போது கண்ணுக்குக் காப்பு வேண்டும், சில்லு தெறிக்கும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடப்பா படுகையின் குவார்ட்சைட்டில் அலை வரிகள் அழியாமல் இருக்கின்றன என்று பார்த்தோம். கடுமையாக வெந்து அழுந்திய பாறையில் அவ்வளவு மெல்லிய வரிகள் பிழைப்பது அரிது. அப்படியானால் இந்தக் கல் அதிகம் வேகவில்லை. சிலிக்காப் பசை மிக நன்றாக ஊறியதாலேயே துகள்கள் உடையும் அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்கலாம். அந்த நிலையில் கண்டிப்பான ஒரு புவியியலாளர் இதை மிகக் கெட்டியான படிவுப்பாறை என்றே வகைப்படுத்துவார். இன்னொருவர் உருமாற்றத்தின் முதல் படி என்பார். புத்தகத்தில் மணற்கல் உருமாறிக் குவார்ட்சைட் ஆகிறது என்று ஒரே அம்புக்குறி போட்டிருக்கும். நிலத்தில் அந்த அம்புக்குறி மிக நீளமானது, நகரி குவார்ட்சைட் அதன் தொடக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. என் கருத்து, பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்வதால் குழப்பம் வராது. எல்லைக்கோடு மனிதர் போட்டது என்பது புரியும்.

கடப்பா படுகையிலேயே வேறொரு விதமான உருமாற்றமும் நடந்திருக்கிறது. புலிவெந்துலா வட்டாரத்தில் மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு அடுக்குகளுக்கு நடுவே டோலரைட் குழம்பு கிடையாக நுழைந்து உறைந்தது. குழம்பு தொட்ட ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புப் பாறை வெந்து, சிலிக்காவும் நீரும் சேர்ந்து, பச்சை நிறக் கனிமமாகவும் அதன் இழைகளாகவும் மாறியது. அந்த இழைதான் ஒரு காலத்தில் அங்கே சுரங்கம் போட்டு எடுத்த கல்நார். குழம்பிலிருந்து தள்ளிப் போனால் பழைய சுண்ணாம்புப் பாறை அப்படியே இருக்கிறது. வெப்பம் எட்டிய தூரம்தான் மாற்றத்தின் அகலம். ஒரே இடத்தில் தீப்பாறையும் படிவுப்பாறையும் மோதி, நடுவில் உருமாறிய பாறை ஒரு பட்டையாகக் கிடக்கிறது.

முழு உருமாற்றம் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சென்னையை விட்டுப் போக வேண்டியதில்லை. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் என்னும் பாறை. நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போன்ற மங்கலான பளபளப்பு. வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸ்கூட இதில் நீலம் பாய்ந்து தெரியும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இன்றைய வடிவத்தை எடுத்தது. இதன் பெயருக்குப் பின்னே ஒரு கல்லறை இருக்கிறது. கொல்கத்தா நகரத்தின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்குக்கு, அங்குள்ள புனித ஜான் தேவாலய வளாகத்தில் கல்லறை உண்டு. அதன் கல்வெட்டுப் பலகை சென்னைப் பக்கத்துக் கல். புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பலகையின் பாறையைக் கவனித்து 1893-இல் அவர் பெயரையே வைத்தார்.

ஹாலண்ட் இதைத் தீப்பாறை என்றுதான் கருதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. படிகங்கள் பெரிதாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கிரானைட்டின் சாயலிலேயே இருக்கின்றன. ஆனால் இதற்குள் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இருக்கிறது. ஈரப்பசை இருந்தால் அதன் இடத்தில் மைக்கா போன்ற நீர் கலந்த கனிமங்கள் வந்திருக்க வேண்டும். ஆகவே இந்தப் பாறை மிகுந்த வெப்பத்தில், ஏறக்குறைய நீரே இல்லாத உலர்ந்த நிலையில் வெந்திருக்கிறது. நீர் இருந்திருந்தால் கிரானைட் வகைப் பாறை 650, 700 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். உலர்ந்திருந்ததால் உருகாமல் தாக்குப்பிடித்தது. இப்படிப் பல சான்றுகள் சேர்ந்த பிறகு, பல்லாவரத்துக் கல்லை இன்று பெரும்பாலானவர்கள் உருமாறிய பாறை என்கிறார்கள். அதன் மூலப் பாறைகளில் பல, ஆழத்தில் உறைந்த தீப்பாறைகளே என்பதால் ஹாலண்டின் பார்வையில் பாதி உண்மையும் இருந்தது. கண்ணால் பார்த்து மட்டும் தீப்பாறையையும் ஆழத்தில் வெந்த உருமாறிய பாறையையும் பிரிப்பது வல்லுநர்களுக்கே கடினம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

நம் குவார்ட்ஸ் துகளை நகரி மலையில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே திரும்புவோம். கெட்டியான குவார்ட்சைட்டும் விரிசல் விடும். விரிசலில் நீர் புகும், வேர் புகும், பாளம் பாளமாகக் கழன்று விழும். ஓடையும் ஆறும் அவற்றை உருட்டும். உருளும்போது கூர்முனைகள் முதலில் மழுங்கும், பிறகு முழுவதும் உருண்டையாகும். இப்படி உருண்ட கூழாங்கற்களும் குண்டுக்கற்களும் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே, சென்னைக்கு வடமேற்கே இன்றைய சத்தியவேடு, அல்லிக்குழி குன்றுகள் இருக்கும் இடத்தில் குவிந்தன. மணலும் மண்ணும் அவற்றைச் சேர்த்துப் பிடித்து, அவை மறுபடி ஒரு படிவுப்பாறையாயின. கூழாங்கற்கள் நிறைந்த அந்தப் பாறையைப் பார்த்தால், ஒவ்வொரு கல்லும் ஒரு குவார்ட்சைட் துண்டு. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பழைய மணல். ஒவ்வொரு மணலும் அதற்கும் முந்தைய ஒரு பாறையிலிருந்து உதிர்ந்தது. தீப்பாறை, படிவுப்பாறை, கெட்டிப்பட்ட குவார்ட்சைட், மறுபடி படிவுப்பாறை என்று துகளின் கணக்கு நான்காகிவிட்டது. புத்தகத்தில் பாறைச் சுழற்சி என்று வட்டமாக வரைந்திருப்பது இதைத்தான், ஆனால் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாப் பாறையும் வரிசைப்படி சுற்றி வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தத் துகள் இரண்டாவது முறை உருகவே இல்லை. பல்லாவரத்துப் பாறையில் பெரும்பகுதியோ மணலாகிப் படியும் கட்டத்தைத் தொடாமலே, உறைந்த நிலையிலிருந்து நேராக உருமாற்றத்துக்குப் போய்விட்டது. எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் போகலாம்.

அல்லிக்குழி குன்றுகளின் பாறை இளகி, கூழாங்கற்கள் மீண்டும் வெளியே வந்து, கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கில் சிதறின. அங்கே அவற்றைப் பொறுக்க ஆள் இருந்தது. அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவை பெரும்பாலும் குவார்ட்சைட்டால் ஆனவை. கிரானைட் இந்த வேலைக்கு உதவாது. அதன் மூன்று கனிமங்களும் மூன்று விதமாகப் பிளப்பதால் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சாதாரண மணற்கல் தட்டினாலே மணலாகிவிடும். களிப்பாறை தகடாகப் பிரியும். துகளைத் துண்டாக்கிக்கொண்டு நேராக உடையும் கல்லில்தான் வெட்டும் விளிம்பு கிடைக்கும். அந்தக் கற்கால மனிதர்களுக்கு உருமாற்றம் பற்றித் தெரியாது, ஆனால் எந்தக் கல் எப்படி உடையும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்காலக் கருவி என்று முதன்முதலாக அறியப்பட்டதும் சென்னைப் பக்கத்துக் குவார்ட்சைட்தான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதைக் கண்டெடுத்தார். அவரும் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். சுற்றிலும் சார்னோகைட் குன்றுகள் இருக்கும் ஊரில், அந்தக் குன்றுகளுக்குச் சொந்தமில்லாத ஒரு கல், அதுவும் இரண்டு பக்கமும் செதுக்கிய விளிம்போடு. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தை அடைந்தார்கள்.

பள்ளியிலிருந்து சுற்றுலா அழைத்துப் போகிற ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பகுதியின் கற்கருவிகள் அங்கே உள்ளன. அவை கண்ணாடிக்குள் இருப்பதால் கையில் எடுக்க முடியாது. அதனால் கையோடு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், வழியில் ஆற்றுப் படுகையில் பொறுக்கிய ஒரு குவார்ட்சைட் கூழாங்கல்லும் எடுத்துச் செல்லுங்கள். கூழாங்கல்லை ஆசிரியரே கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொண்டு உடைத்து, உடைந்த முகத்தைப் பிள்ளைகளிடம் காட்டலாம். லென்ஸ் வழியே பார்த்தால் முதலில் ஒரே கண்ணாடிப் பரப்பாகத் தெரியும். கல்லை மெல்லத் திருப்பி வெளிச்சத்தைச் சாய்வாக விழ வைத்தால் சில இடங்களில் மங்கலான வட்ட ஓரங்கள் தென்படும். அவை கடப்பா படுகையின் கரையில் படிந்த பழைய மணல்துகள்களின் விளிம்புகள். எல்லாக் கல்லிலும் அது தெரியாது. பசை துகளோடு முழுக்கக் கலந்துவிட்ட கற்களில் ஒன்றுமே தெரியாது. நாலைந்து கல்லாவது பார்க்க வேண்டியிருக்கும்.